9எச் என்பது பென்சில் கணக்கு: டெம்பர் கிளாஸும் பவுச்சும் வாங்கும் முன் கோத்தகிரியில் கேட்கப்படும் கேள்விகள்

"அண்ணா, அட்டையில 9எச்னு போட்டிருக்கு. வைரத்துக்கு அடுத்த கெட்டின்னு சொல்றாங்களே, நிஜமா?"

இல்லை. அந்த 'எச்' பென்சிலில் இருக்கும் எச். பள்ளிக்கூடத்தில் எச்பி பென்சில் வைத்திருந்தோம், ஐடிஐ வரைபட வகுப்பில் 2எச், 4எச் வாங்கி வரச் சொல்வார்கள். அதே வரிசையின் கெட்டியான கடைசிப் பக்கம்தான் 9எச்.

இது பெயிண்ட், வார்னிஷ் போன்ற பூச்சுகளுக்காக உருவான சோதனை. ஐஎஸ்ஓ 15184 என்ற தரநூலில் இருக்கிறது. பென்சில் முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்வில் பிடித்து, 750 கிராம் பாரம் ஏற்றிப் பூச்சின் மேல் தள்ளுவார்கள். கீறல் விழாத வரை அடுத்த கெட்டிப் பென்சிலை எடுப்பார்கள். 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் அந்தப் பொருள் '9எச்' ஆகிவிடும். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. எந்தக் கண்ணாடியும் அதற்கு அசையாது. உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

வைரம் வருவது வேறு அளவுகோலில். 1812இல் ஜெர்மன் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்தது. அதில் வைரம் 10, மாணிக்கமும் நீலக்கல்லும் 9. டெம்பர் கிளாஸ் அதில் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை நிற்கும். இரண்டிலும் 9 என்ற எண் வருவதால்தான் குழப்பம். அட்டையில் 9எச் என்று இருந்தால் 'இது பிளாஸ்டிக் ஃபிலிம் இல்லை, கண்ணாடி' என்பதற்கு மேல் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கிளாஸில் எது நல்லது என்று தேர்ந்தெடுக்க அந்த எண் உதவவே உதவாது.

"அப்ப எதுதான் கீறும்? பாக்கெட்ல சாவியும் சில்லறையும் போட்டா போச்சா?"

சாவியும் நாணயமும் பெரும்பாலும் கீறாது. சாவி பித்தளை, நாணயம் எஃகு, இரண்டும் பொதுவாகக் கண்ணாடியைவிட மெத்து. கண்ணாடி மேல் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் பதறாமல் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பல நேரம் அது கண்ணாடியில் ஒட்டிய உலோகம்தான், போய்விடும்.

கீறுவது மண். நீலகிரி மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. அதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இருக்கின்றன. மோஸ் அளவில் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. பாறை உதிர்ந்து மண்ணானாலும் குவார்ட்ஸ் மணல் குவார்ட்ஸாகவேதான் இருக்கும். கேரட் தோட்டத்திலோ உருளைக்கிழங்கு மண்டியிலோ நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, போனைச் சட்டையில் ஒரு இழு இழுத்துத் துடைக்கிறோமே, அப்போதுதான் கீறல் விழுகிறது. டெம்பர் கிளாஸைவிடக் கெட்டியான துகளை நாமே வைத்துத் தேய்க்கிறோம். ஆகவே முதலில் ஊதுங்கள், அப்புறம் ஈரமான மெல்லிய துணியால் அழுத்தாமல் துடையுங்கள். ஸ்வெட்டர் பாக்கெட்டை வாரம் ஒருமுறை வெளியே திருப்பி உதறுங்கள். அதன் மூலையில் சேர்ந்திருக்கும் மண்ணைப் பார்த்தால் நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும்.

"கீறல் பார்க்க அசிங்கமா இருக்கும், அவ்வளவுதானே? அதுக்கும் உடையறதுக்கும் என்ன சம்பந்தம்?"

நேரான சம்பந்தம் உண்டு. கண்ணாடி உடைவது எப்போதும் ஒரு சின்னக் குறையிலிருந்துதான் தொடங்கும். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏ. ஏ. கிரிஃபித் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் இதை விளக்கிவிட்டார். கண்ணாடி வளையும்போது அதன் மேல் வரும் இழுவை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. கீறல் ஆழமாக ஆக, உடைக்கத் தேவையான விசை குறைந்துகொண்டே போகும்.

டெம்பர் செய்வது இதைத் தடுக்கத்தான். 0.33 மி.மீ தடிமனுள்ள கிளாஸை பஸ் ஜன்னல் கண்ணாடி மாதிரிச் சூடாக்கிக் காற்றடித்துக் குளிர்விக்க முடியாது, அவ்வளவு மெல்லியது. அதனால் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் முக்கி வைக்கிறார்கள். கண்ணாடியிலிருந்து சோடியம் அயனி வெளியேற, அதைவிடப் பெரிய பொட்டாசியம் அயனி அந்த இடத்தில் நுழைகிறது. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்றாவது ஆள் நெருக்கி உட்கார்ந்தது போல மேற்பரப்பு இறுகிப்போகும். அந்த இறுக்கம் சின்னக் கீறல்களை வாய் திறக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இறுகிய அந்த அடுக்கு மிக மெல்லியது. மைக்ரான் கணக்கில் சொல்ல வேண்டியது, மி.மீ கணக்கில் இல்லை. ஒரு கூரான கல் அதைத் தாண்டிக் குத்திவிட்டால், அப்புறம் டெம்பர் செய்த பயன் அந்த இடத்தில் இல்லை.

டெம்பர் கிளாஸ் ஒட்டச் சொல்வதற்கு என் கண்ணில் முதல் காரணம் இதுதான். மண் போடும் கீறலை அது வாங்கிக்கொள்கிறது, அடியில் இருக்கும் டிஸ்ப்ளே கண்ணாடி புதிதாகவே இருக்கிறது. கீறல் இல்லாத கண்ணாடி, நாளைக்குக் கீழே விழும்போது கீறல் உள்ளதைவிட அதிகம் தாங்கும்.

"கடையில சுத்தியால அடிச்சுக் காட்டினாங்க, கத்தியால கீறிக் காட்டினாங்க. ஒண்ணும் ஆகலையே?"

ஆகாது. சுத்தியல் முகம் தட்டை, கிளாஸின் அடியில் மேசை தாங்கி நிற்கிறது, விசை பரந்துபோகிறது. கத்தி எஃகு, ஆகவே பெரும்பாலும் கீறாது. இரண்டும் உண்மையில் நடப்பதுதான், ஆனால் உங்கள் போனுக்கு வரும் ஆபத்து அந்த வகையில் வருவதில்லை. ரோட்டோர ஜல்லியில் ஒன்றை எடுத்து அழுத்தி இழுத்துக் காட்டச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் செய்ய மாட்டார்.

"11டி, 21டி, 100டி, இதுல எது வாங்கலாம்?"

எண்ணைப் பார்க்காதீர்கள். 2.5டி என்றால் விளிம்பை வளைவாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 11டி, 21டி, 100டி போன்ற எண்களுக்கு எந்த அளவீடும் பின்னால் இல்லை. பார்க்க வேண்டியது ஒட்டுப் பசை முழுப் பரப்பிலும் இருக்கிறதா, ஓரத்தில் மட்டுமா என்பதை. ஓரத்தில் மட்டும் பசை உள்ளதில் நடுவில் காற்று நிற்கும். தொடுதல் மந்தமாகும், அடி விழுந்தால் கிளாஸ் தாங்கல் இல்லாமல் வளைந்து சீக்கிரம் உடையும். முழுப் பசை உள்ளதையே வாங்குங்கள்.

"பவுச்ல 'மிலிட்டரி கிரேடு'ன்னு இருக்கு. ராணுவம் சோதிச்சுச் சான்று கொடுத்ததா?"

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எழுதி வைத்திருக்கும் ஒரு சோதனை நூல் மில் எஸ்டிடி 810. அதில் விழுதல் சோதனையும் ஒன்று. ஆனால் அந்தத் துறை கடையில் விற்கும் பவுச் எதற்கும் சான்று கொடுப்பதில்லை. நூலைப் பார்த்துத் தயாரிப்பாளர் தானே சோதித்து, தானே அச்சடித்துக்கொள்கிறார். சிலர் வெளிச் சோதனைக்கூடத்தில் செய்து, எத்தனை அடி உயரம், என்ன தரை என்று எழுதுவார்கள். பலர் 'மிலிட்டரி' என்ற சொல்லோடு நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சோதனை என்ன என்று தெரிந்துகொண்டால் மீதி விளங்கிவிடும். 810ஜி பதிப்பில் கையில் தூக்கும் அளவுள்ள பொருளை 122 செ.மீ உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள். ஆறு முகம், எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு, மொத்தம் 26. கேட்கக் கடுமையாக இருக்கிறது, சரி. ஆனால் தரை எது? கான்கிரீட் மேல் விரித்த இரண்டு அங்குல பிளைவுட். அதோடு, 26 விழுதலையும் ஒரே பொருள் தாங்க வேண்டும் என்றும் இல்லை. ஐந்து மாதிரிகள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஒரு போன் ஐந்தாறு முறை பலகை மேல் விழுந்து தப்பித்தால் போதும்.

உங்கள் போன் பலகை மேல் விழுவதில்லை. தரை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கண்ணாடி செய்பவர்களே கொடுத்த அளவைப் பாருங்கள். கார்னிங் நிறுவனம் 2022இல் கொரில்லா கிளாஸ் விக்டஸ் 2 கொண்டுவந்தபோது, தார் ரோடு போன்ற தரையில் 2 மீட்டர் வரை, கான்கிரீட் போன்ற தரையில் 1 மீட்டர் வரை என்று பிரித்துச் சொன்னது. கண்ணாடி ஒன்றுதான், தரை மாறியதும் உயரம் பாதியாகிவிட்டது. ஆகவே '10 அடி உயரம் தாங்கும்' என்று அட்டை சொன்னால், எந்தத் தரையில் என்று தேடிப் பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த 10 அடியை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது.

"போன வாரம் வீட்டுத் தரையில மார்பு உயரத்துல இருந்து விழுந்துச்சு, ஒண்ணும் ஆகல. நேத்து ரோட்டுல இடுப்பு உயரம்தான், டிஸ்ப்ளே போயிடுச்சு. அதே பவுச்தான். எப்படி?"

இந்தப் போனைக் கடையில் கழற்றிப் பார்த்தேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் விழுதலை எடுத்துக்கொள்வோம். ரெட் ஆக்சைடு தரை, மொழுமொழுவென்று சமமானது. போன் மூலையில் பட்டது. 200 கிராம் போன் 1.2 மீட்டர் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர் போல இருக்கும். அந்த வேகத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. பவுச் இல்லாமல் 1 மி.மீக்குள் நின்றுவிட்டால், சராசரியாக 240 கிலோ பாரம் அந்த மூலையை அழுத்தியது போல. பவுச்சின் ரப்பர் மூலை நசுங்கிக்கொடுத்து 3 மி.மீ தூரத்தில் நிறுத்தினால் அதுவே 80 கிலோவாகக் குறையும். மூலை தடித்த பவுச் காப்பாற்றுவது இப்படித்தான். அவருடைய பவுச்சும் தன் வேலையைச் செய்தது, மூலையில் தேய்ந்த தடமும் இருந்தது.

இரண்டாவது முறை, பைக்கில் ஏறும்போது பாக்கெட்டிலிருந்து வழுகி, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லி மேல் குப்புற விழுந்தது. பவுச்சின் நான்கு மூலையிலும் புதிய தடம் ஒன்றும் இல்லை. டெம்பர் கிளாஸில் இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே நட்சத்திரம் போல ஒரு விரிசல். நடுப்புள்ளியில் வெள்ளைத் தூள். கிளாஸை உரித்தால் அதற்கு நேர் கீழே டிஸ்ப்ளேயிலும் அதே நட்சத்திரம். ஒரே ஒரு கல்லின் முனை குத்தியிருக்கிறது. போனின் முழு வேகமும் ஒரு புள்ளியில் நின்றிருக்கிறது. மூலை ரப்பருக்கு அங்கே வேலையே வரவில்லை.

அப்புறம் பவுச்சின் விளிம்பை அளந்தேன். மூலையில் டிஸ்ப்ளேயைவிட 1 மி.மீ உயரம், ஆனால் நீளப் பக்கத்தின் நடுவில் 0.6 மி.மீதான். டெம்பர் கிளாஸும் பசையும் சேர்ந்து 0.5 மி.மீ எடுத்துக்கொண்டன. மீதி 0.1 மி.மீ, அதாவது ஒரு ஏ4 தாளின் தடிமன். பவுச்சைத் தனியாக வைத்துப் பார்த்தால் விளிம்பு எடுப்பாகத் தெரியும், கிளாஸ் ஒட்டியபின் அது காணாமல் போய்விடுகிறது. உண்மையைச் சொன்னால், விளிம்பு இன்னும் 1 மி.மீ இருந்திருந்தாலும் ஜல்லிக்கு அது போதாது. கல்லின் முனை அதைவிட அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும். சமமான தரையில் குப்புற விழும்போதுதான் விளிம்பு முழுக்கக் காப்பாற்றும்.

உடைந்த போனை நீங்களே பார்த்துக் காரணம் சொல்லலாம். நடுவில் தூளும் சுற்றி நட்சத்திரமும் இருந்தால் கூரான பொருள் குத்தியது. விளிம்பில் தொடங்கி ஒரே கோடாக நீண்டு ஓடியிருந்தால் மூலை அடி, அல்லது பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து வளைந்தது. முதல் வகைக்கு எந்த பவுச் மாற்றினாலும் பெரிய பயன் இல்லை, முன்பக்கத்தை மூடும் புத்தக மாதிரி ஃபிளிப் கவர்தான் கொஞ்சம் உதவும். இரண்டாவது வகைக்கு மூலை தடித்த பவுச் நன்றாகவே உதவும்.

"அப்ப பவுச் வாங்கும்போது கடையிலேயே எப்படி அளந்து பார்க்கிறது?"

ஒரு எஃகு ஸ்கேலும் ஏடிஎம் கார்டும் போதும். டெம்பர் கிளாஸ் ஒட்டிய போனுக்கு பவுச்சை மாட்டுங்கள். டிஸ்ப்ளே மேலே பார்க்கும்படி வைத்து, ஸ்கேலை அதன் விளிம்பு கீழே வரும்படி நிறுத்தி, குறுக்காக இரண்டு பக்க விளிம்பின் மேல் வையுங்கள். இப்போது கார்டைக் கிளாஸ் மேல் படுக்க வைத்து ஸ்கேலுக்கு அடியில் தள்ளுங்கள். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. தடையில்லாமல் போனால் நல்ல விளிம்பு. கார்டு போகவில்லை என்றால் ஏ4 தாளை மடித்துத் தள்ளிப் பாருங்கள், ஒரு தாள் அடுக்குக்கு 0.1 மி.மீ என்று எண்ணிக்கொள்ளலாம். மூன்று அடுக்குகூடப் போகவில்லை என்றால் நான் அந்த பவுச்சை வாங்க மாட்டேன். மூலையில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், பக்கவாட்டின் நடுவிலும் பாருங்கள். அங்கேதான் குறைவாக இருக்கும்.

மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்கிக்கொடுத்து மெதுவாக மீள வேண்டும். முழுக்கக் கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய பவுச் அழகாக இருக்கும், ஆனால் நிறுத்தும் தூரத்தை அது கூட்டாது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஜனவரியில் உறைபனி விழும் காலையில் ரப்பர் பவுச்சே விறைத்துக்கொள்ளும். மத்தியானக் கடையில் மெத்தென்று இருந்தது காலை ஆறு மணிக்கு அப்படி இருக்காது. அதற்காகவே கொஞ்சம் தடித்ததை எடுக்கச் சொல்வேன்.

"டெம்பர் உடைஞ்சுது, டிஸ்ப்ளே தப்பிச்சுது. டெம்பர்தானே காப்பாத்துச்சு?"

சில நேரம் ஆம், பல நேரம் அப்படிச் சொல்ல முடியாது. டெம்பர் கிளாஸ் மெல்லியது, அதன் விளிம்பில் வெட்டும்போது விழுந்த நுண்குறைகள் அதிகம். டிஸ்ப்ளே கண்ணாடி அசையாத ஒரு சின்ன அடிக்குக்கூட மேலே உள்ளது உடைந்துவிடும். டெம்பர் இல்லாமலேயே டிஸ்ப்ளே தப்பித்திருக்கலாம். கூரான கல் லேசாகப் பட்ட இடத்தில் மட்டும், குத்தை அது வாங்கிக்கொண்டது என்று நம்பிச் சொல்லலாம். அதனால்தான் நூறு ரூபாய் கிளாஸை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்கிறேன், ஆயிரம் ரூபாய் கிளாஸை இரண்டு வருடம் வைத்திருப்பதைவிட அது நல்லது.

"நானே ஒட்டினா குமிழியா வருது. ஊட்டிக் குளிருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு. சிலிக்கோன் பசை குளிரில் மெதுவாகவே பரவும். மூடுபனி நாளில் டிஸ்ப்ளே மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் படிந்திருக்கும். போனையும் கிளாஸையும் கால் மணி நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். ஆல்கஹால் துணியால் துடைத்தபின் இங்கே காய நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். தூசி அடங்கக் குளியலறையில் வெந்நீர் திறந்துவிட்டு ஒட்டச் சொல்லும் யோசனை சமவெளிக்குச் சரி. இங்கே குளிர்ந்த டிஸ்ப்ளே அந்த ஆவியில் பனித்துவிடும், வெதுவெதுப்பான போனாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஒட்டியபின் வெறும் காற்றுக் குமிழி ஒன்றிரண்டு நாளில் தானே அடங்கும். குமிழியின் நடுவில் ஒரு புள்ளி தெரிந்தால் அது தூசி, அடங்காது. அந்த ஓரத்தை மட்டும் தூக்கி, செலோ டேப்பால் தூசியை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி விடுங்கள்.

"ஓரத்துல சின்னதா விரிசல் இருக்கு. அப்படியே விட்டா பரவாயில்லையா?"

விட்டால் நீளும். விரிசலின் நுனியில் ஈரம் புகுந்தால் கண்ணாடியின் பிணைப்பு மெதுவாக அறுந்துகொண்டே போகும், யாரும் அடிக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் குன்னூர், கோத்தகிரி ஈரத்தில் இது நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை அரிசி அளவு இருந்த விரிசல் அடுத்த வாரம் குறுக்கே ஓடியிருக்கும். டிஸ்ப்ளே வரை இறங்காது, பயப்பட வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் பசை இருக்கிறது. ஆனால் விரலில் சில் ஏறும், விரிசல் வழியாக மண் உள்ளே போய் அடிக் கண்ணாடியைத் தேய்க்கும். குழந்தைகள் கையில் போன் போகும் வீடு என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். உரிக்கும்போது விரிசல் இல்லாத மூலையிலிருந்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, தட்டையாக மெதுவாகத் தூக்குங்கள். கத்தி முனையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.